ஃப்ரிட்ஜின் பின்னால் கடகட சத்தம்

கேள்வி: எங்கள் ஃப்ரிட்ஜ் நன்றாகக் குளிர்கிறது. ஆனால் அவ்வப்போது பின்பக்கம் கடகடவென்று அதிர்கிறது. பிறகு தானே நின்றுவிடுகிறது. கம்ப்ரஸர் போய்விட்டதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பயப்படாதீர்கள். சத்தம் விட்டுவிட்டு வருவதால், கம்ப்ரஸர் ஓடும்போது அதன் அதிர்வில் ஏதோ ஒன்று ஆடுகிறது என்று தோன்றுகிறது. சத்தம் வரும்போது ஃப்ரிட்ஜின் மேல் மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் அடங்கினால் தரை சமமில்லை என்று பொருள். ஆடும் பக்கத்தில் முன்கால் திருகை, நான்கு கால்களும் தரையில் பதியும்வரை சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பின்பக்கம் சுவரில் இடிக்காமல் இடைவெளி விடுங்கள்.

அப்படியும் நிற்கவில்லையென்றால், பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் கம்ப்ரஸருக்கு மேலே, பனி உருகி வடியும் தண்ணீரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அது நழுவியிருந்தாலும் இந்தக் கடகட சத்தம் வரும். கழுவித் துடைத்து, அதன் பள்ளத்தில் சரியாக அமர்த்துங்கள். செம்புக் குழாயை மட்டும் வளைக்காதீர்கள்; விரிசல் விட்டால் கேஸ் போய்விடும்.

‘ர்ர்’ என்ற சத்தம் ஃப்ரீசர் பக்கமிருந்து வந்து, கதவைத் திறந்ததும் நின்றால், காரணம் உள்ளேயுள்ள ஃபேன். பெரும்பாலும் பனிக்கட்டி அதன் இறக்கையில் உரசும். பொருள்களை எடுத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து, ஒருநாள் அணைத்துவையுங்கள். மறுபடியும் பனி கட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.