தவணை தவறியபோது எழுதிய கடிதம்

கிள்ளானில் ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்து, ஓர் அம்மையார் உணவு ஏற்பாட்டுத் தொழில் நடத்தி வருகிறார். அரிசி, பருப்பு, எண்ணெய் அனைத்தையும் அவர் ஒரே மொத்த வியாபாரியிடம்தான் வாங்குகிறார். சரக்கு இறங்கிய நாளிலிருந்து முப்பது நாள்களுக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது இருவருக்குமிடையே உள்ள ஏற்பாடு.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி வாங்கிய சரக்கிற்கு 4,860 ரிங்கிட் கட்ட வேண்டியிருந்தது. தவணை நாளான மே 2ஆம் தேதி கடந்துவிட்டது. மே 6ஆம் தேதி, திங்கட்கிழமை காலையில் வியாபாரி தொலைபேசியில் அழைத்தார். “பழைய பாக்கி தீரும்வரை புதுச் சரக்கு அனுப்ப முடியாதம்மா” என்று கூறிவிட்டார். மே 18ஆம் தேதி ஒரு திருமண விருந்துக்குச் சமைக்க அந்த அம்மையார் ஒப்புக்கொண்டிருந்தார். அரிசி வராவிட்டால் விருந்து நடவாது.

அன்று மாலையே அவர் ஒரு கடிதம் எழுதினார்.

“ஐயா, தவிர்க்க முடியாத சில காரணங்களால் தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் குறித்த நேரத்தில் செலுத்த இயலவில்லை. ஏற்பட்ட சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறேன். எங்கள் வாடிக்கையாளர் பணம் கொடுத்தவுடன் தங்கள் பாக்கியைக் கூடிய விரைவில் செலுத்திவிடுகிறேன். தயவு செய்து சரக்கை அனுப்பி உதவுங்கள்.”

ஐந்தாம் படிவத்தில் பயிலும் மகள் கடிதத்தைப் படித்துப் பார்த்தாள்.

“அம்மா, இந்தக் கடிதம் அவர் கைக்குப் போனதும் அவர் என்ன கேட்பார்?”

“எப்போது தருவீர்கள் என்று கேட்பார்.”

“அதற்குப் பதில் இதில் இல்லையே!”

மகள் சொன்னது சரிதான். கடிதத்தில் பணிவு இருந்தது. ஆனால், எந்த இன்வாய்ஸ், எவ்வளவு தொகை, எந்த நாள் என்ற மூன்றில் ஒன்றுகூட இல்லை. ‘கூடிய விரைவில்’ என்பது எழுதுபவருக்கு இரண்டு வாரமாக இருக்கலாம். படிப்பவருக்கு இரண்டு நாளாக இருக்கலாம். ‘வாடிக்கையாளர் கொடுத்தவுடன்’ என்ற சொற்களில் இன்னொரு குறையும் இருந்தது. அந்த வாடிக்கையாளர் யாரென்றே வியாபாரிக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவர் பணம் கொடுக்கும்வரை அவரும் காத்திருக்க வேண்டும் என்றே அதற்குப் பொருள். அவரும் அரிசி ஆலைக்குத் தவணைப்படி பணம் கட்ட வேண்டியவர்.

எனவே, கடிதத்தைத் திருத்துவதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. இருவரும் ஒரு தாளில் வரவையும் செலவையும் எழுதினர்.

வங்கிக் கணக்கில் 4,900 ரிங்கிட் இருந்தது. அதைக் கண்டதும், “முழுப் பாக்கியையும் இன்றே கட்டிவிடலாமே!” என்றாள் மகள். தாயார் தலையசைத்து மறுத்தார். அதில் 2,000 ரிங்கிட் திருமண வீட்டார் கொடுத்த முன்பணம். அவர்களுடைய விருந்துக்கான பொருளை வாங்கவே அந்தப் பணம். இன்னும் 1,100 ரிங்கிட் மறுநாள் கட்ட வேண்டிய கடை வாடகை. இரண்டையும் கழித்தால், உண்மையில் கையிலிருப்பது 1,800 ரிங்கிட்தான். அதை இன்றே செலுத்தினால் மீதி 3,060 ரிங்கிட் ஆகும்.

மீதியை எப்போது கட்டுவது? ஒரு தொழிற்சாலையிலிருந்து 7,200 ரிங்கிட் வரவேண்டியிருந்தது. ஏப்ரல் இறுதியில் தருவதாக இருந்த அந்தத் தொகையை மே 17ஆம் தேதி தருவதாகத் தொழிற்சாலை இப்போது சொல்லியிருந்தது. ‘மே 17’ என்றே எழுதிவிடலாம் என்று தாயாருக்குத் தோன்றியது. மகள் பழைய வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். இதற்கு முன் இருமுறையும் தொழிற்சாலை சொன்ன நாளுக்கு நான்கு, ஐந்து நாள்கள் கழித்தே பணம் வந்திருந்தது. ஐந்து நாள் தாமதம் என்று கொண்டால் மே 22ஆம் தேதி வருகிறது. அன்று விசாக தினம், பொது விடுமுறை. ஆகவே, 23ஆம் தேதி பணம் வரும் என்று கொண்டு, 24ஆம் தேதி, வெள்ளிக்கிழமையைக் குறித்தனர்.

“இன்னும் பாதுகாப்பாக மே 31 என்று எழுதினால் என்ன?” என்று தாயார் கேட்டார். அன்று பணியாளர் சம்பளம் 3,400 ரிங்கிட் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் மோதும். மேலும், காரணமின்றி ஒரு வாரத்தைக் கூட்டினால் அந்த வாரத்தின் சுமை வியாபாரியின் தலையில்தான் விழும். 24ஆம் தேதி 3,060 ரிங்கிட்டைக் கட்டினாலும், வரும் 7,200 ரிங்கிட்டில் 4,140 ரிங்கிட் மிஞ்சும். சம்பளத்திற்கு அது போதும். கணக்கு பொருந்தியது.

அதன்பின் கடிதம் இவ்வாறு திருத்தி எழுதப்பட்டது:

6 மே 2024

ஐயா,

இன்வாய்ஸ் எண் 0417: தாமதத்திற்கு மன்னிப்பும் புதிய கட்டண நாளும்

வணக்கம். 2 ஏப்ரல் 2024 தேதியிட்ட மேற்காணும் இன்வாய்ஸுக்குரிய 4,860 ரிங்கிட்டை நான் 2 மே அன்று செலுத்தியிருக்க வேண்டும். செலுத்தவில்லை, தவணை தவறும் என்பதை முன்கூட்டியே தங்களிடம் தெரிவிக்கவும் இல்லை. இவ்விரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2. ஏப்ரல் இறுதியில் எனக்கு வரவேண்டிய ஒரு தொகை வந்து சேரவில்லை. அதை மட்டுமே நம்பி, மாற்று ஏற்பாடு செய்யாதிருந்தது என் தவறு.

3. இன்று 1,800 ரிங்கிட்டைத் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தியுள்ளேன். அதற்கான சான்றை இணைத்துள்ளேன். எஞ்சிய 3,060 ரிங்கிட்டை 24 மே 2024, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் செலுத்துவேன்.

4. 18 மே திருமணத்திற்குத் தேவையான அரிசிக்கும் எண்ணெய்க்கும், சரக்கு இறங்கும்போதே ரொக்கம் தருகிறேன். இந்த ஏற்பாடு தங்களுக்கு ஏற்புடையதா எனத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இக்கண்,
(கையொப்பம்)

இரண்டு கடிதங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் கடிதத்தில் ‘மிகவும் வருந்துகிறேன்’ என்று இருந்தது. ஆனால், எதற்காக வருந்துகிறார் என்று தெரியவில்லை. இரண்டாம் கடிதத்தில் செய்த பிழை இன்னதென்று கூறப்பட்டுள்ளது. காரணம் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. பழி தொழிற்சாலையின்மேல் போடப்படவில்லை. சரக்கை அனுப்பும்படி கெஞ்சுவதற்குப் பதிலாக, புதிய கடன் ஏறாத ஒரு வழி சொல்லப்பட்டுள்ளது. திருமண வீட்டாரின் முன்பணமும் அதற்குரிய செலவுக்கே போகிறது.

வியாபாரி அன்றிரவே அழைத்தார். “நாள் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளை வைத்துத்தான் நான் ஆலைக்காரரிடம் பேசப் போகிறேன்” என்றார். சரக்கு அனுப்பவும் இசைந்தார்.

அவர் பேச்சைக் கேட்டதும், தாயார் நாட்காட்டியில் இரண்டு தேதிகளைச் சுழித்தார். ஒன்று, மே 24. மற்றொன்று, மே 21. 21ஆம் தேதி மாலைக்குள் தொழிற்சாலைப் பணம் வராவிட்டால், தவணை நாள்வரை காத்திராமல் அன்றே வியாபாரியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் முடிவு. முதல் தாமதத்தைக் காட்டிலும், அவரைக் கேட்க வைத்ததே பெரிய பிழை என்று அவர் உணர்ந்திருந்தார்.

மே 17ஆம் தேதி பணம் வரவில்லை. 21ஆம் தேதி பிற்பகலில்தான் வந்தது. விசாக தினம் கழிந்து, 23ஆம் தேதி காலையில் 3,060 ரிங்கிட் வியாபாரியின் கணக்கில் சேர்ந்தது. கடிதத்தில் மே 17 என்று எழுதியிருந்தால், அந்த அம்மையார் இரண்டாவது மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுத வேண்டியிருந்திருக்கும்.

கருத்துணர் கேள்விகள்

1. வங்கியில் 4,900 ரிங்கிட் இருந்தும் 1,800 ரிங்கிட் மட்டுமே செலுத்தப்பட்டதேன்?

2. மே 17, மே 24, மே 31 ஆகிய மூன்று நாள்களில் மே 24 தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணங்களை விளக்குக.

3. மே 21ஆம் தேதி மாலைவரை தொழிற்சாலைப் பணம் வரவில்லை எனக் கொள்க. அந்த அம்மையார் வியாபாரிக்கு அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தியை 40 சொற்களுக்குள் எழுதுக.