கோடுகளால் உருவாகும் முகம்

சிங்கப்பூர் 1999இல் வெளியிட்ட வெள்ளி நோட்டுகளில் முதல் அதிபர் யூசோஃப் இஸ்ஹாக்கின் முகம் இடம்பெற்றுள்ளது. அம்முகத்தை உருப்பெருக்காடியால் பார்த்தால், நிழலாகத் தோன்றிய இடங்களில் மெல்லிய கோடுகளும் புள்ளிகளும் தெரியும். பழங்காலத்தில் இத்தகைய உருவங்களை உலோகத் தகட்டில் உளியால் கீறினர். கீறலில் தங்கிய மையே தாளில் பதிந்தது. ஒரே நிற மையை வைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தைக் காட்ட முடியாது. ஆகவே, இருள் வேண்டிய இடத்தில் கீறலை அகலமாக்கினர். ஒளி வேண்டிய இடத்தில் மெலிதாக்கினர்.

தாத்தாவின் பழைய நிழற்படம் ஒன்றை இப்பாணியில் வரைவதாகக் கொள்வோம். ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழுந்த படமே இதற்கு ஏற்றது. அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, முகம் 12 சென்டிமீட்டர் உயரம் வருமாறு அச்சிட்டு, மேலே ஒளி ஊடுருவும் தாளை வைக்க வேண்டும். மிகுந்த ஒளி, இளநிழல், நடுநிழல், கருநிழல் ஆகிய பகுதிகளை முதலில் பென்சிலால் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்து வருவதுதான் கடினமான வேலை. முகத்தைச் சுற்றி ரப்பர் வளையங்களை மாட்டினால் அவை எப்படி வளையும் என்று கற்பனை செய்ய வேண்டும். நெற்றியில் அவை பானையின் வயிற்றைச் சுற்றுவதுபோல் ஓடும். கன்னத்தில் பந்தின்மீது செல்வதுபோல் வளையும். மூக்கின்மேல் குறுகிய வில்லாக ஏறி இறங்கும். அவ்வளைவுகளை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளியில் வரைய வேண்டும். கன்னத்தில் நேர்கோடுகளைப் போட்டால், நிழல் சரியாக இருந்தாலும் முகம் தட்டையாகி, சன்னல் கம்பிக்குப் பின்னால் இருப்பதுபோல் தோன்றும்.

பிறகு 0.1 மில்லிமீட்டர் பேனாவால் மையிட வேண்டும். கோடு நிழலுக்குள் நுழையும்போது, அதன்மேல் மீண்டும் வரைந்து சிறிது சிறிதாக 0.5 மில்லிமீட்டர் வரை தடிப்பாக்கலாம். ஒளியை நெருங்கும்போது கோடு மெலிந்து, புள்ளிகளாக உடைந்து, மறைய வேண்டும். தாடைக்குக் கீழே இன்னும் இருள் தேவைப்பட்டால், வேறொரு வளைகோட்டு வரிசையை முதல் வரிசைக்குக் குறுக்கே சாய்வாக வரையலாம். அப்போது இடையில் சிறு சாய்சதுரங்கள் தோன்றும். செங்குத்தாக வெட்டினால் கொசுவலை போலாகிவிடும்.

இடைவெளியை மேலும் நெருக்கினால் இன்னும் நுட்பமாக இருக்குமே என்று தோன்றலாம். ஆனால், படத்தை நோட்டின் அளவுக்குச் சுருக்கும்போது இடைவெளியும் சுருங்கும். 0.5 மில்லிமீட்டர் வெள்ளை இடம், கால் பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர்தான். சாதாரண அச்சில் மை அவ்விடத்தை அடைத்து, கழுத்து முழுவதும் கருந்திட்டாகிவிடக்கூடும். எனவே, முகம் முழுவதையும் மையிடுமுன் ஒரு கன்னத்தை மட்டும் வரைந்து, நகலெடுக்கும் இயந்திரத்தில் சுருக்கிப் பார்ப்பது நல்லது. கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் தொடரலாம். இல்லையெனில், இடைவெளியை 1.5 மில்லிமீட்டராக்கி மறுபடியும் தொடங்க வேண்டும்.

பின்னணிக்கு மட்டும் நேர்கோடுகள் போதும். அவற்றின் முன் வளைந்த கன்னம் இன்னும் உருண்டையாகத் தெரியும்.