வட்டத் தொட்டிச் சுவர்: எந்த ஆரத்தை எடுக்கறது?

எஸ்டிமேஷன் பேப்பர்ல வட்டத் தொட்டி வந்தா, நிறைய பேர் சூத்திரத்தை சரியா எழுதிட்டு ஆரத்துல கோட்டை விடுறோம். ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். தொட்டியின் உள்விட்டம் 6 மீ, சுவர்க் கனம் 200 மி.மீ., உயரம் 3 மீ. கான்கிரீட் எவ்வளவு?

உள் ஆரம் 3.0 மீ, வெளி ஆரம் 3.2 மீ. இரண்டுக்கும் நடுவுல இருப்பது சராசரி ஆரம், 3.1 மீ. சுவரை வெட்டி நேரா நிமிர்த்தினா கிடைக்கும் நீளம் இந்த நடுக்கோட்டின் நீளம்தான். அதைக் கனத்தாலும் உயரத்தாலும் பெருக்கணும்:

V = 2π × 3.1 × 0.2 × 3 = 11.69 கன மீட்டர்

இது தோராயம்னு சிலர் நினைக்கறாங்க. இல்லை, துல்லியமான விடை. வெளி வட்டப் பரப்பிலிருந்து உள் வட்டப் பரப்பைக் கழிச்சா π(R² − r²). அதையே π(R + r)(R − r) என்று பிரிக்கலாம். R + r என்பது சராசரி ஆரத்தின் இரு மடங்கு, R − r என்பது கனம். ஆக, இரண்டு வழியும் ஒண்ணுதான்.

உள் ஆரத்தையே போட்டா 11.31 வரும். 0.38 கன மீட்டர் குறைவு. கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட்னு வெச்சா, ரெண்டு மூட்டைக்கு மேலயே துண்டு விழும். வெளி ஆரத்தைப் போட்டா அதே அளவு அதிகமாகும்.

இதைவிடப் பெரிய குழி டிராயிங்ல இருக்கு. 6 மீ என்பது உள்விட்டமா, சுவரின் நடுவிலிருந்து நடு வரைக்கான அளவா? நடு அளவுன்னா சராசரி ஆரம் நேரடியா 3.0 மீ, அதோட பாதிக் கனத்தைக் கூட்டக் கூடாது. பரிமாணக் கோட்டின் அம்புமுனை எந்த முகத்தைத் தொடுதுன்னு பார்த்துட்டு ஆரம்பிங்க.

கட்டி முடிச்ச தொட்டியில உள்ளே இறங்கி அளக்க முடியலைன்னா, வெளியே டேப்பைச் சுத்திப் பிடிங்க. நம்ம தொட்டிக்கு 20.11 மீ வரும். அதிலிருந்து π × கனம், அதாவது 0.63 மீ கழிச்சா 19.48 மீ. நடுக்கோட்டின் நீளம் அதுதான். பூச்சு இருந்தா அதன் கனத்தை மறக்காதீங்க.

முழு வட்டம் இல்லாத வளைவுச் சுவருக்கு, 2π-க்குப் பதிலா மையக் கோணத்தை ரேடியனில் போட்டா போதும். முனைக்கு முனை நேரா டேப் பிடிச்சா கிடைப்பது நாண், வில் இல்லை. அது எப்பவும் குறைவாத்தான் இருக்கும்.

கனம் கீழே 300, மேலே 150 மி.மீ.ன்னு சரிவா இருந்தா? உள்முகம் செங்குத்துன்னா, சராசரிக் கனம் 225 மி.மீ., சராசரி ஆரம் 3.1125 மீ. விடை 13.20 கன மீட்டர். இங்கேதான் இது தோராயம் ஆகுது. சரிவகத்தின் மையப்புள்ளி வழியா வரும் ஆரம் 3.1167 மீ, அதன்படி 13.22. வித்தியாசம் 20 லிட்டர்கூட இல்லை, அளவுப் பட்டியலுக்கு முதல் விடையே தாராளம்.