லிங்க் அனுப்பினால் எடிட்டருக்குப் புரிந்துவிடுமா?

"தம்பி, ஒரு யூடியூப் லிங்க் அனுப்பியிருக்கேன். அதே மாதிரி பண்ணிடுங்க. நல்ல எடிட்டருக்கு அது போதும்தானே?"

அசாம் ஜாவாவில், புக்கிட் ரோத்தானில், ஈஜோக்கில், கல்யாணமோ கோவில் திருவிழாவோ தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவோ, வீடியோ வேலை என்று வந்தால் இந்த வாக்கியம்தான் முதலில் வருகிறது. சொல்லுகிறவர்கள் என்னைப் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார்கள். போதாது என்று சொன்னால், "அப்ப உங்களுக்கு அனுபவம் பத்தாது" என்ற பார்வை. அனுபவம் இருப்பதால்தான் போதாது என்கிறேன்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒன்றுகூடல் வைக்கிறார்கள். பத்து நிமிட வீடியோ வேண்டும். கையில் இருப்பவை: மண்டபத்தில் கைபேசியில் எடுத்த ஐந்து பெரியவர்களின் பேச்சு, ஆல்பத்திலிருந்து எடுத்த பழைய புகைப்படங்கள், அன்றைய விருந்து. அனுப்பிய லிங்க் ஒரு பெரிய செம்பனை நிறுவனத்தின் விளம்பரப் படம். வானத்திலிருந்து டிரோன் இறங்குகிறது, வியர்வைத் துளி மெதுவாகச் சொட்டுகிறது, பின்னணியில் ஒரு முழு இசைக்குழு. "இதே ஃபீல்" என்கிறார்கள்.

அந்த ஃபீல் எங்கே உண்டானது? பாதிக்கு மேல் கேமராவில். டிரோன் காட்சியை எடிட்டர் உருவாக்க முடியாது, யாராவது பறக்கவிட்டிருக்க வேண்டும். முகம் மட்டும் தெளிவாகவும் பின்னால் உள்ளது மங்கலாகவும் தெரிவது லென்ஸின் வேலை. மெதுவாகச் சொட்டும் துளியை விநாடிக்கு 100 படங்களாவது எடுக்கும்படி வைத்துப் பிடித்திருப்பார்கள். அதை 25 படங்களாக ஓடவிட்டால் நாலு மடங்கு மெதுவாகவும் வழவழப்பாகவும் வரும். உங்கள் கைபேசி 25 படங்களே எடுத்திருந்தால், நாலு மடங்கு மெதுவாக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் இடையே இல்லாத மூன்று படங்களை மென்பொருள் கற்பனை செய்து நிரப்பவேண்டும். விளைவு, நடக்கிறவர் கால் பசைபோல் இழுபடும், கையசைவில் விரல்கள் கரையும். அப்போது எடிட்டருக்குத் திறமை இல்லை என்று பேச்சு வரும்.

சரி, மீதிப் பாதி? அதிலும் ஒரு லிங்க் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. வெட்டும் வேகம், நிறம், இசை, எழுத்து வரும் விதம், பேச்சையும் படத்தையும் பின்னியிருக்கும் முறை என்று குறைந்தது ஐந்து விஷயங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. உங்களுக்குப் பிடித்தது எது? உங்களுக்கே தெரியாமல் இருப்பது சகஜம். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு அந்த வீடியோவைப் பாருங்கள். சப்பென்று போய்விட்டால் உங்களுக்குப் பிடித்தது இசைதான், படம் அல்ல. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அப்போதும் நெஞ்சைத் தொட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஆக, ரெஃபரன்ஸ் என்பது லிங்க் மட்டும் அல்ல; லிங்க், நேரம், காரணம் மூன்றும் சேர்ந்தது. நம் ஒன்றுகூடலுக்கு இப்படி எழுதலாம்: "முதல் லிங்கில் 0:42 முதல் 1:10 வரை. பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே படம் பழைய புகைப்படத்துக்குப் போய்த் திரும்பி வருவது பிடித்திருக்கிறது. அந்த மஞ்சள் நிறம் வேண்டாம்." இரண்டாவது லிங்க் எழுத்துக்கு மட்டும்: "பெயர் கீழே இடதுபுறம், அசையாமல் இருக்கவேண்டும்." மூன்றாவது லிங்க் பிடிக்காததற்கு: "இதுபோல் படம் சுழன்று பறந்து மாறக்கூடாது." இந்த மூன்றாவதைத்தான் யாரும் அனுப்புவதில்லை. எனக்கு மிகவும் உதவுவது அதுதான். பத்து லிங்க் அனுப்புகிறவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, தேர்ந்தெடுக்கும் வேலையையும் என் தலையில் கட்டுகிறார்.

வேகத்தைப் பற்றி ஒரு நம்பிக்கை: "சரக்சரக்குன்னு வெட்டுனாத்தான் ஆளுங்க பார்ப்பாங்க." திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கணக்கிட்டபடி, 1930 முதல் 1960 வரை வந்த ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட் சராசரியாக 8 முதல் 11 விநாடி நின்றது, 1990களின் முடிவில் 3 முதல் 6 விநாடியானது. வேகம் கூடியது உண்மைதான். ஆனால் சராசரியைக் கொண்டு எல்லாவற்றையும் வெட்டச் சொல்லவில்லை யாரும். தீமிதியில் கால் நெருப்பில் படும் இடம் இரண்டு விநாடிக்குள் முடியட்டும். எண்பது வயதுத் தாத்தா லயத்து வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பேச்சை நிறுத்தி, உதட்டைக் கடித்து, மறுபடி தொடங்குகிற இடத்தில் பன்னிரண்டு விநாடி அசையாமல் நிற்கவேண்டும். அந்த மௌனத்தை வெட்டினால் வீடியோவே இல்லை. பிரீஃபில் "ஃபாஸ்ட்டா, ஆனா எமோஷனலா" என்று எழுதாதீர்கள். பிடித்த வீடியோவில் அரை நிமிடம் எடுத்து, படம் மாறும்போதெல்லாம் மேசையில் விரலால் தட்டி எண்ணுங்கள். பதினைந்து தட்டு என்றால் ஷாட்டுக்கு இரண்டு விநாடி, ஐந்து தட்டு என்றால் ஆறு. எந்தப் பகுதிக்கு எந்த எண் என்று எழுதினால் எனக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

இசையில் இரண்டு வதந்திகள். "முப்பது விநாடிக்குள்ளே போட்டா காப்புரிமை பிரச்சினை இல்லை." அப்படி ஒரு விதி மலேசியாவின் 1987 காப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. யூடியூப்பின் கன்டென்ட் ஐடி பாட்டின் சின்னத் துண்டையும் அடையாளம் கண்டுகொள்ளும். கீழே "இசை உரிமை அவருக்கே" என்று எழுதினால் திருடியதை ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். மெட்டுக்கு ஒரு உரிமை, பதிவான ஒலிக்கு இன்னொரு உரிமை என்று தனித்தனியாக இருப்பதால், நீங்களே ஹார்மோனியத்தில் வாசித்துப் பதிந்தாலும் மெட்டு உங்களுடையதாகிவிடாது.

இரண்டாவது வதந்தி: "இப்போதைக்கு இந்தப் பாட்டைப் போட்டு எடிட் பண்ணுங்க, அப்புறமா மாத்திக்கலாம்." மாற்றமுடியாது. ஸ்டான்லி குப்ரிக் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தைத் தற்காலிகமாகப் போட்ட செவ்வியல் இசையோடு பழகிப்போய், அலெக்ஸ் நார்த் எழுதிக்கொடுத்த இசையை முழுவதும் ஒதுக்கிவிட்டார். 1968இல் படம் திரையிடப்பட்டபோதுதான் நார்த்துக்கே அது தெரிந்தது. குப்ரிக்குக்கே அந்த நிலை என்றால், நம் மண்டபத்துச் செயலாளர் ஒரு மாதம் கேட்ட பாட்டை விடுவாரா? கடைசியில் போடமுடியாத பாட்டை முதலில் தரவே தராதீர்கள். "மாஸ்", "கெத்து", "சோகம்" என்றும் எழுதாதீர்கள், ஒவ்வொருவர் காதுக்கும் அவை வேறு. "தொடக்கத்தில் தனிப் புல்லாங்குழல், பேச்சுக்குக் கீழே பாட்டுக் குரல் வேண்டாம், தாத்தா நிறுத்தும் இடத்தில் இசையும் நிற்கட்டும், உறுமிமேளம் திருவிழாவில் பதிந்த அதே ஒலி" என்று எழுதுங்கள். உரிமம் வாங்கும் பணம் யார் கொடுப்பது என்பதையும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள்.

"வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையாது" என்பவரிடம் வாதாட எனக்கு நேரமில்லை. வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுங்கள், அசாம் ஜாவா அவ்வளவு தூரமில்லை.

இனி திருத்தம். "கம்ப்யூட்டரில் ஒரு பட்டன்தானே, எத்தனை முறை மாத்தினா என்ன?" நான்காவது நிமிடத்தில் இருபது விநாடி எடுத்துவிடச் சொல்கிறீர்கள். அதற்குப் பின்னால் உள்ள இசைத் தாளம் எல்லாம் வெட்டுகளிலிருந்து நழுவும். இசையை மறுபடி வெட்டி ஒட்டி, எழுத்துகள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று மீதி ஆறு நிமிடத்தையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பமுடியும். எடிட்டர் வால்டர் மர்ச் 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு 230 மணி நேரத்துக்கு மேலான படச்சுருளிலிருந்து 2 மணி 25 நிமிடம் எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். கணக்குப் போட்டால் ஒரு எடிட்டருக்கு ஒரு நாளைக்கு 1.47 வெட்டு. மீதி நேரம் தூங்கினார்களா? செய்துபார்த்து, வேண்டாம் என்று கலைத்ததெல்லாம் அந்த நாட்களில்தான் அடக்கம். நம் பத்து நிமிடம் அந்த அளவு அல்ல, ஆனால் வேலையின் தன்மை அதுதான்.

அதனால் இரண்டு சுற்று என்று பேசிக்கொள்ளுங்கள், சுற்று என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள். முதல் சுற்று வரிசைக்கு: யார் முன்னால் பேசுவது, எது நீளம், எது வேண்டாம். அதில் நிறத்தையும் எழுத்தையும் பேசாதீர்கள், இன்னும் போட்டிருக்கமாட்டேன். இரண்டாவது சுற்று துல்லியத்துக்கு: "03:12, தலைவர் பெயரில் எழுத்துப் பிழை", "06:40, புகைப்படம் இரண்டு விநாடி கூடுதலாக நிற்கட்டும்." ஒரு சுற்றுக்கு ஒரே பட்டியல், அனுப்புவது ஒரே ஆள். தலைவர் காலையில் ஒரு வாய்ஸ் நோட், பொருளாளர் மத்தியானம் ஒன்று, செயலாளர் ராத்திரி ஒன்று, மூன்றும் ஒன்றுக்கொன்று முரண் என்றால் அது சுற்று அல்ல, கமிட்டிக் கூட்டம். அதை உங்களுக்குள் முடித்துவிட்டு வாருங்கள். மூன்றாம் சுற்றுக்கு எத்தனை வெள்ளி என்று முதலிலேயே எழுதியிருந்தால் யாருக்கும் கோபம் வராது. என் பிழையால் வந்த திருத்தம் எந்தச் சுற்றிலும் சேராது, அதையும் எழுதிவைப்பது எனக்குக் கடமை.

பிரீஃபில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்லி எல்லாரிடமும் நச்சரிக்கிறேன். தலைப்புக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், பரவாயில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இந்தக் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கினார். அவர் இந்த நாட்டை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரையின் கதை பதிவாகிவிட்டது. அந்தக் கன்றுகளுக்குக் குழி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கு நாற்பது நிமிடம் பேசுகிறார்கள். வீடியோவில் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட வராது. மீதியை எடிட்டர் தன் கணினியில் இடம் போதவில்லை என்று அழித்துவிடுவார், அது அவர் தப்பு இல்லை, நீங்கள் கேட்கவில்லை.

ஆகவே எழுதுங்கள்: "வெட்டாத முழுப் பேட்டிகளை, பேசியவர் பெயர், தோட்டம், தேதி போட்டுத் தனிக் கோப்புகளாக ஹார்ட் டிஸ்க்கில் திருப்பித் தரவேண்டும்." டிஸ்க் இரண்டாக வாங்கி இரண்டிலும் ஏற்றச் சொல்லுங்கள்; ஒன்று கோவில் அலுவலகத்தில் இருக்கட்டும், இன்னொன்றை வேறு ஒருவர் வீட்டில் வையுங்கள். வாங்கும் செலவு பெரிய விருந்தில் ஒரு மேசைக்குக்கூட ஆகாது.