திரைக்கு அந்தப் பக்கம் யார்? வீடியோ நேர்காணலில் ஆள்மாறாட்டத்தைக் கண்டறிவது எப்படி

ஐடி வேலைக்கான வீடியோ நேர்காணலில் இரண்டு வகை மோசடிகள் நடக்கின்றன. ஒன்றில் விண்ணப்பித்தவருக்குப் பதிலாக வேறொருவர் பேசுகிறார். மற்றொன்றில் விண்ணப்பித்தவர்தான் அமர்ந்திருக்கிறார், ஆனால் பதில் காதில் உள்ள இயர்போனிலோ பக்கத்துத் திரையிலோ வருகிறது. இரண்டையும் பிடிக்க முடியும். ஆனால் சந்தேகத்தை மட்டும் வைத்து நேர்மையானவரை வெளியே தள்ளிவிடக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம்.

அழைப்புக் கடிதத்திலிருந்தே தொடங்குங்கள். கேமரா கட்டாயம், தொடக்கத்தில் அடையாள அட்டை பார்க்கப்படும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படம் எடுத்து வைக்கப்படும், பணியில் சேரும் நாளில் அது ஒப்பிடப்படும், தேர்வாகாதவர்களின் படம் எந்தக் காலக்கெடுவுக்குள் அழிக்கப்படும் என்றெல்லாம் எழுதி, சம்மதம் வாங்குங்கள். எல்லா விண்ணப்பதாரருக்கும் இதே விதிதான். ஆதார் காட்டுகிறார் என்றால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும். முழு எண்ணைக் கேட்காதீர்கள். பதிலுக்கு ஆள் அனுப்பும் திட்டம் பெரும்பாலும் சேரும் நாளில் வேறு முகம் வந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதை நம்பித்தான் ஓடுகிறது. ஒப்பிடுவார்கள் என்று முன்பே தெரிந்தால் சிலர் அத்துடன் விலகிவிடுவார்கள்.

அழைப்பு தொடங்கியதும் உதட்டையும் குரலையும் கவனியுங்கள். நெட் மெதுவாக இருந்தால் குரலும் படமும் விலகும்தான். ஆனால் அந்த விலகல் பெரும்பாலும் பேச்சு முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அல்லது படம் அப்படியே உறைந்து நிற்கும். வேறொருவர் பேச இவர் வாயசைத்தால் வாக்கியம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் தாளம் தப்பும். இதைச் சோதிக்க எளிய வழி, அவர் பேசும்போது நடுவே மென்மையாகக் குறுக்கிடுவது: “ஒரு நிமிஷம், அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க.” வாய் நின்ற பிறகும் குரல் ஓடினால் பக்கத்தில் இன்னொருவர் இருக்கலாம். அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 ஜூனில் தொலைவழி வேலை நேர்காணல்களில் போலி வீடியோ பயன்படுத்தப்படுவதாக எச்சரித்தபோது, இருமல், தும்மல் போன்ற ஒலிகள் படத்தோடு பொருந்தாததையும் ஓர் அறிகுறியாகச் சொன்னது. தலையைப் பக்கவாட்டில் திருப்பவும் முகத்துக்கு முன்னால் கையைக் கொண்டுபோகவும் கேட்கலாம். இதில் தேறினார் என்பதற்காக முழுதும் நம்பிவிடாதீர்கள், போலி முகக் கருவிகள் நாளுக்கு நாள் தேறி வருகின்றன.

ஒளிந்திருந்து பதில் சொல்லிக்கொடுப்பவரைப் பிடிக்க முகத்தைவிடக் கேள்விதான் உதவும். கண் ஓரமாகப் போவது, பதிலுக்கு முன் இடைவெளி, கேள்வியைத் திருப்பிச் சொல்வது எல்லாமே பதற்றத்திலும் வரும். யோசிக்கும்போது பக்கத்தில் பார்ப்பவர்கள் உண்டு, திக்கிப் பேசுபவர்கள் உண்டு, மனத்துக்குள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு பேசுபவர்கள் நம்மூரில் ஏராளம். ஆனால் “உங்க பேர் என்ன” என்பதற்கும் கடினமான கேள்விக்கும் ஒரே நீள மௌனம் விழுந்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரி உரையாடலைப் பார்ப்போம். பேமென்ட் சர்வீஸில் வேலை பார்த்ததாகச் சொல்லும் ஜாவா டெவலப்பரிடம், “டைம்அவுட் ஆகி ரீட்ரை போனா, பணம் ரெண்டு தடவை பிடிக்காம எப்படிப் பார்த்துக்கிட்டீங்க?” என்று கேட்கிறீர்கள். “ஐடெம்பொடென்சி கீ” என்கிறார். சரியான பதில், ஆனால் பக்கத்தில் இருப்பவரும் இதைச் சொல்லிக்கொடுக்க முடியும். அடுத்து அவருடைய வேலைக்குள்ளே போங்கள். அந்தக் கீயை யார் உருவாக்கினார்கள், ஆப்பா, சர்வரா? எங்கே சேமித்தீர்கள்? முதல் ரிக்வெஸ்ட் முடியுமுன் அதே கீயோடு இரண்டாவது வந்தால் என்ன செய்தீர்கள்? செய்தவர் தடுமாறியபடியேனும் ஏதோ ஒரு விவரத்தைச் சொல்வார்: டேபிளில் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டோம், இரண்டாவது இன்சர்ட் தோற்றால் முதலாவதின் நிலையைத் திருப்பி அனுப்பினோம், அந்தப் பகுதியை வேறொருவர் எழுதினார் என்பது போல. சொல்லிக்கொடுக்கப்படுபவர் பாடப்புத்தக விளக்கத்துக்கே திரும்புவார். பிறகு பகிர்ந்த ஆவணத்தில் அதை வரையச் சொல்லி, நடுவில் ஒரு நிபந்தனையை மாற்றுங்கள்: “இப்போ அந்த டேபிள் இல்லைன்னு வெச்சுக்குங்க.” சொல்லிக்கொடுப்பவருக்கு அதைக் கேட்டு யோசித்துச் சொல்ல அதிக நேரம் இருக்காது.

அப்போதும் முகத்துக்கு நேரே குற்றம் சாட்ட வேண்டாம். அறிக்கையில் “ஏமாற்றுகிறார்” என்று எழுதாமல், எந்தக் கேள்வியில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். வேறொரு நேர்காணலாளரோடு, வேறு கேள்விகளோடு இன்னொரு சுற்று கொடுங்கள். முடிந்தால் அலுவலகத்தில் நேரில் வரவழையுங்கள், பயணச் செலவை நிறுவனமே ஏற்கட்டும். நேரில் வர முடியாதவருக்கு மாற்று வழி இருக்க வேண்டும்.

சேரும் நாளில் படத்தையும் ஆளையும் ஒப்பிட்டு, நேர்காணல் எடுத்தவரே பத்து நிமிடம் பழைய கேள்வியைத் தொட்டுப் பேசட்டும். முகம் பொருந்தவில்லை என்றால் பணியில் சேர்ப்பதை நிறுத்திவைத்து, விளக்கம் சொல்ல வாய்ப்பு தந்த பிறகே மனிதவளத் துறை முடிவெடுக்க வேண்டும். தாடி, கண்ணாடி, எடை மாற்றம் இவற்றால் ஏமாறுவதும் நடக்கும். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவின்படி குற்றம். புகார் கொடுப்பதா என்பதை ஆதாரங்களைப் பார்த்த பிறகு வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்யுங்கள். தேர்வாகாதவர்களின் படங்களைக் கடிதத்தில் சொன்ன காலக்கெடுவுக்குள் அழித்துவிடுங்கள்.