கண்காணிப்பு நிரல்: வீட்டுக் கணினியா, வாடகை சர்வரா?

உங்கள் இணையதளம் இயங்குகிறதா என்று 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் நிரலுக்காக வீட்டுக் கணினியை இரவும் பகலும் ஓடவிட வேண்டாம். 60 வாட் இழுக்கும் கணினி மாதம் 43 யூனிட் மின்சாரம் எடுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், வீட்டு இணைப்பு அறுந்தால் தளமே விழுந்துவிட்டதாக நிரல் முடிவு செய்யும். அந்தப் பொய் எச்சரிக்கையும் இணைப்பு திரும்பிய பிறகே வந்து சேரும்.

512 எம்பி நினைவகமுள்ள மலிவான கிளவுட் சர்வரே இதற்குத் தாராளம். தளம் இருக்கும் அதே சர்வரில் மட்டும் வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தே விழும்.

வீட்டு கேமராவைக் கண்காணிப்பதென்றால் கதை வேறு. வெளி சர்வருக்கு அது நேரடியாக எட்டாது; சுமார் 5 வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை போதும்.

எங்கே வைத்தாலும், தினமும் காலையில் ‘நலம்’ என்று ஒரு செய்தி அனுப்பும்படி நிரலை எழுதுங்கள். அது வராத நாளில் நிரலே நின்றுவிட்டதா என்று பாருங்கள்.