பல் அடைத்த பின் கடிக்கும்போது வலி: காரணமும் சரிசெய்யும் முறையும்

சொத்தைப் பல் அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் உணவை மெல்லும்போது அதே பல்லில் சுருக்கென்று வலிக்கிறது. புதிதாகப் பல் அடைத்துக்கொண்டவர்களிடமும், கேப் எனப்படும் பல்லுறை போட்டுக்கொண்டவர்களிடமும் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை இது. சிகிச்சை தவறிவிட்டது என்றும், பல்லையே எடுக்க நேரிடும் என்றும் சிலர் அஞ்சுகின்றனர். பெரும்பாலான நேரங்களில் காரணம் மிக எளியது: அடைப்போ உறையோ மற்றப் பற்களைவிடச் சற்றே உயரமாக இருக்கிறது. அந்த உயரத்தைச் சீர்செய்தால் வலி அடங்குகிறது. அதை எவ்வாறு அறிவது, எப்போது வலிக்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

பல் மருத்துவப் பிரிவில் வழக்கமாகக் காணும் நிலையை ஒருவரின் கதையாக வைத்துப் பார்ப்போம். நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவருக்குக் கீழ்த்தாடையின் வலப்புறக் கடைவாய்ப் பல்லில் பல்நிற அடைப்பு வைக்கப்படுகிறது. மரத்துப்போவதற்கு ஊசி போடப்பட்டிருக்கிறது. பணி முடிந்ததும், "கடித்துப் பாருங்கள், உயரமாகத் தெரிகிறதா?" என்று மருத்துவர் கேட்கிறார். "சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார் அவர். அவ்வாறு சொன்னதில் அவருடைய பிழை எதுவும் இல்லை. பாதி முகம் மரத்திருக்கும்போது பல்லின் உயரத்தை உணர்வது கடினம். நெடுநேரம் சாய்ந்து படுத்து வாயைத் திறந்து வைத்திருந்ததால், தாடையும் தன் இயல்பான இடத்தில் சேர்வதில்லை.

மாலையில் மரத்த உணர்வு நீங்கியதும், வாயை மூடும்போது அந்தப் பல் முதலில் இடிப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. நாளடைவில் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார். மூன்றாம் நாள் சப்பாத்தியை மெல்லும்போது வலிக்கிறது. பத்தாம் நாள் நாக்கால் அழுத்தினாலே வலி தெரிகிறது. ஒரு புறமாகவே மென்று உண்ணத் தொடங்குகிறார். "அந்தப் பல்லைப் பிடுங்கிவிடுவதே நல்லது" என்று உறவினர் ஒருவர் அறிவுரை கூறுகிறார்.

இத்தனை சிறிய உயரம் ஏன் வலிக்கிறது?

பல் தாடை எலும்பில் ஆணி அடித்தாற்போல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. அதன் பருமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். நாம் மெல்லும்போது பல்லைத் தாங்கும் மெத்தை அதுவே. பல்லின் மீது படும் அழுத்தத்தை மூளைக்கு உணர்த்தும் நரம்பு நுனிகளும் அதில் அடர்ந்துள்ளன. இதனால்தான் சோற்றில் கிடக்கும் ஒரு சிறு மணலையும் நாம் உடனே அறிகிறோம். பற்களுக்கிடையே மயிரிழையின் பருமனைவிடக் குறைந்த பொருளையும் இந்தப் படலம் உணர்ந்துவிடும்.

அடைப்பு உயரமாக இருந்தால், வாயை மூடும்போதெல்லாம் அந்த ஒரு பல்லே முதலில் மோதுகிறது. பல பற்கள் பகிர்ந்து தாங்க வேண்டிய சுமை ஒன்றின் மீதே விழுகிறது. உணவின்போது மட்டுமன்று, எச்சில் விழுங்கும்போதும் உறக்கத்தில் பற்களைக் கடிக்கும்போதும் அது அடிபடுகிறது. நார்ப்படலம் கன்றிப்போய் வீங்குகிறது. வீக்கத்தால் பல் இன்னும் சற்று மேலெழ, மோதல் மேலும் கடுமையாகிறது. நாளுக்கு நாள் வலி கூடுவதன் காரணம் இதுவே.

"வேர் சிகிச்சையில் நரம்பை எடுத்துவிட்டார்களே, பிறகு எப்படி வலிக்கும்?" என்று சிலர் கேட்பதுண்டு. வேர் சிகிச்சையில் நீக்கப்படுவது பல்லுக்குள் இருக்கும் கூழும் அதிலுள்ள நரம்புகளும். வேரைச் சுற்றியுள்ள நார்ப்படலம் உயிரோடுதான் இருக்கிறது. ஆகையால் வேர் சிகிச்சை செய்த பல்லின் மீது போட்ட உறை உயரமாக இருந்தாலும் கடிக்கும்போது வலிக்கும்.

பல்லுறையில் உயரம் கூடுவதற்கு வேறு வழிகளும் உண்டு. உறை ஆய்வகத்தில், உங்கள் பற்களின் அச்சின் மீது செய்யப்படுகிறது. அச்சில் ஏற்படும் நுண்ணிய மாற்றமும் கடிப்பில் வெளிப்படும். உறை பல்லின் மீது முழுமையாக அமரும் முன் ஒட்டும் சிமெண்ட் இறுகிவிட்டால், உறை சற்றுத் தூக்கி நிற்கும்.

சரிசெய்யும் முறை

அந்தப் பெண்மணி பன்னிரண்டாம் நாள் வருகிறார். இம்முறை ஊசி போடுவதில்லை. உயரத்தை அவரே உணர்ந்து சொல்ல வேண்டும் என்பதால், மரத்துப்போகச் செய்யக் கூடாது. மேற்பரப்பை மட்டும் தொடும் வேலை என்பதால் பெரும்பாலும் வலிப்பதும் இல்லை. அவர் நிமிர்ந்து உட்காரவைக்கப்படுகிறார்.

முதலில், உலோகப் பூச்சுள்ள மிக மெல்லிய படலம் ஒன்று பற்களுக்கிடையே வைக்கப்படுகிறது. அவர் கடித்திருக்கும்போது மருத்துவர் அதை மெல்ல இழுத்துப் பார்க்கிறார். பக்கத்துப் பற்களில் படலம் தடையின்றி உருவி வருகிறது. அடைத்த பல்லிலோ இறுகப் பிடிபடுகிறது. அந்தப் பல் மட்டுமே முழுச் சுமையைத் தாங்குகிறது என்பதற்கு இது சான்று.

அடுத்து, கார்பன் தாளைப் போன்ற நீல வண்ணத்தாள் வைக்கப்பட்டு, "கடைவாய்ப் பற்களால் இரண்டு மூன்று முறை தட்டுங்கள்" என்று கூறப்படுகிறது. பற்கள் தொடும் இடங்களில் நீலப் புள்ளிகள் பதிகின்றன. பிறகு சிவப்புத் தாளை வைத்து, தாடையை இருபுறமும் அரைப்பதுபோல் நகர்த்தச் சொல்கின்றனர். நேராகக் கடிக்கும்போது சரியாக இருந்து, பக்கவாட்டில் மெல்லும்போது மட்டும் இடிக்கும் மேடுகளைச் சிவப்புக் கோடுகள் காட்டிக்கொடுக்கும். நடுவில் வெளிறியும் சுற்றிலும் அடர்ந்தும் வளையம்போல் தெரியும் புள்ளியை மருத்துவர் கூர்ந்து கவனிக்கிறார். அழுத்தம் மிகுந்த இடத்தில் வண்ணம் நசுங்கி விலகுவதால் இவ்வடையாளம் தோன்றும். ஆனால் பெரிய புள்ளியெல்லாம் உயரமான இடம் என்று கொள்ள முடியாது. அதனால்தான் தாளின் அடையாளத்தோடு நோயாளியின் சொல்லும் படலச் சோதனையும் சேர்த்தே முடிவு செய்யப்படுகிறது.

அடையாளம் காணப்பட்ட இடத்தில் மட்டும் நுண்ணிய வைரத்தூள் பூசிய கருவியால் சிறிதளவு தேய்க்கப்படுகிறது. மீண்டும் தாள் வைத்துப் பார்க்கின்றனர். இந்தப் பெண்மணிக்கு இச்சுற்று மூன்று முறை நிகழ்கிறது. மூன்றாவது முறை கடித்துப் பார்த்து, "இப்போது இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்கிறது" என்கிறார். மெல்லிய படலமும் இப்போது பக்கத்துப் பற்களிலும் பிடிபடுகிறது. இறுதியாகத் தேய்த்த இடம் மெருகேற்றப்படுகிறது. பல்லுறையில் இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது. சொரசொரப்பான பீங்கான் பரப்பு எதிர்ப்புறப் பல்லைத் தேய்த்துவிடும்.

உயரம் குறைந்ததை உடனே உணரலாம். ஆனால் கன்றிய நார்ப்படலம் தேறச் சில நாட்கள் ஆகும். சிலருக்கு ஒன்றிரண்டு வாரங்களும் ஆகலாம். அதுவரை அந்தப் பக்கத்தில் முறுக்கு, வறுத்த கடலை போன்றவற்றைத் தவிர்த்து, மென்மையான உணவை உண்பது நல்லது. மறுநாளும் சிறிது வலிக்கிறதே என்று மேலும் தேய்க்கச் சொல்ல வேண்டாம். வலி நாள்தோறும் குறைந்துவருகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

உயரம் காரணமன்று என எப்போது ஐயுற வேண்டும்?

தேய்ப்பதால் எல்லா வலியும் தீர்வதில்லை. கடிப்பு சமமான பின்னும் திரும்பத் திரும்பத் தேய்த்தால், அடைப்பும் உறையும் மெலிந்து உடையக்கூடும். ஆகவே வலியின் தன்மையை மருத்துவரிடம் சரியாகச் சொல்வது முக்கியம்.

குளிர்ந்த நீர் பட்டதும் கூசி, ஓரிரு நொடிகளில் நீங்கினால், பற்கூழ் சற்று எரிச்சலுற்றிருக்கிறது என்று பொருள். ஆழமான அடைப்புக்குப் பின் இது இயல்பு, சில வாரங்களில் பெரும்பாலும் குறையும். குளிரோ சூடோ பட்டபின் வலி அரை நிமிடத்துக்கும் மேலாக நீடித்தாலும், எதுவும் படாமலே விண்விண்ணென்று தெறித்து இரவில் எழுப்பிவிட்டாலும், பற்கூழ் மீளமுடியாத நிலைக்குச் சென்றிருக்கலாம். அதற்கு வேர் சிகிச்சையே தேவைப்படும்.

கடிக்கும்போதைவிடக் கடித்ததை விடும்போது மின்னலெனச் சுருக்கென்று வலித்தால், பல்லில் விரிசல் இருக்கக்கூடும். அடைப்பின் அடியில் நுண்ணிய இடைவெளி இருந்தாலும் அழுத்தும்போது வலிக்கும். அப்போது தேய்ப்பது பயன்தராது, அடைப்பை எடுத்து மீண்டும் வைக்க வேண்டியிருக்கும். ஈறு வீங்குதல், சீழ் வடிதல், கன்னம் வீங்குதல், காய்ச்சல் ஆகியவை நோய்த்தொற்றின் அறிகுறிகள். இவற்றுக்காகக் காத்திருக்காமல் அன்றே வர வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவை நாட வேண்டும்.

வருவதற்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

மரத்த உணர்வு முழுவதும் நீங்கிய பின் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை மெதுவாக மூடுங்கள். முதலில் எந்தப் பல் தொடுகிறது என்று கவனியுங்கள். சிகிச்சை பெற்ற பல்லே முதலில் தொட்டால், வலிக்கும்வரை காத்திராமல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வந்து காட்டுங்கள். உறுதி செய்துகொள்வதற்காக மீண்டும் மீண்டும் அழுத்திக் கடிக்க வேண்டாம், அதனாலேயே பல் கன்றும். நகத்தேய்ப்பானாலோ வேறு கருவியாலோ நீங்களே தேய்க்க முயலாதீர்கள்.

பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ தம் வலியைச் சொல்ல இயலாத முதியவர்களைப் பராமரிப்போர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பல் சிகிச்சைக்குப் பின் அவர்கள் ஒரு புறமாகவே மென்றாலும், வாயில் உணவை வைத்துக்கொண்டு மெல்லாமல் இருந்தாலும், விரும்பி உண்டதை மறுத்தாலும், அடிக்கடி கன்னத்தில் கை வைத்தாலும், அதைப் பிடிவாதம் என்று கொள்ளாதீர்கள். பல் அடைத்த நாளையும், இந்த மாற்றம் தொடங்கிய நாளையும் குறித்துக்கொண்டு வந்து மருத்துவரிடம் கூறுங்கள். அவர்களுக்காக "இந்தப் பல் இடிக்கிறது" என்று சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.